ரெண்டரில் இருப்பதும் ஊரில் கிடைப்பதும்: ஆர்க்கிடெக்டுக்குக் காண்டிராக்டர் எழுதும் கடிதம் – கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் கட்டப்படும் ஒரு மாடி வீட்டை உதாரணமாக வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். ஆர்க்கிடெக்டின் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. பொருள் வாங்குவதும் வேலை நடப்பதும் இங்கே. கட்டி முடித்த வீடு எப்படித் தெரியும் என்று கணினியில் உருவாக்கிய ரெண்டர் படத்தில் நான்கு இடங்கள் கண்ணில் நிற்கின்றன: கூடத்தில் ஆத்தங்குடித் தரை, பக்கவாட்டில் பூசாத செங்கல் சுவர், முகப்பில் டிராவர்டைன் கல், திண்ணைக்கு மேலே மரப்பட்டிகள். நான்கிலும் படத்துக்கும் கையில் கிடைக்கும் பொருளுக்கும் வேறுபாடு உண்டு. தரையையும் செங்கல்லையும் விரிவாகவும் மற்ற இரண்டையும் சுருக்கமாகவும் சொல்கிறேன். முதல் இரண்டில்தான் பொருள் மாறினால் கட்டடத்தின் அளவே மாறுகிறது.

போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? இதற்குக் கடிதம் எதற்கு?

போனில் பேசுங்கள், அதில் தவறில்லை. ஆனால் போனில் "சரி, கிடைப்பதைப் போடுங்கள்" என்று வரும் பதிலை வைத்து வரைபடம் திருத்தப்படுவதில்லை. டைல்ஸின் கனம் மாறினால் தரைமட்டம் மாறும். தரைமட்டம் மாறினால் படிக்கட்டும் கதவும் மாறும். அந்த மாற்றங்களை ஆர்க்கிடெக்ட் தன் வரைபடத்தில் போட வேண்டுமானால் எண்களோடு எழுதிய ஒரு தாள் அவர் மேசையில் இருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. "கிடைக்காது" என்ற சொல்லைப் போனில் சொல்வது சுலபம். ஆனால் பெரும்பாலும் பொருள் கிடைக்கவே செய்கிறது; படத்தில் காட்டிய அளவிலோ, மேற்பரப்பிலோ, நிறத்திலோதான் கிடைப்பதில்லை. இந்த மூன்றில் எது என்று எழுத உட்காரும்போதுதான் நமக்கே தெளிவாகிறது. ஆர்க்கிடெக்டுக்கும் அதுதான் வேண்டும். அளவு மட்டும் வேறு என்றால் அவர் வடிவமைப்பைச் சற்றுத் திருத்தி அதே பொருளை வைத்துக்கொள்வார். "கிடைக்காது" என்று கேட்டால் பொருளையே மாற்றிவிடுவார்.

கடிதத்தை எந்த வரிசையில் எழுதுவது? பெரிய செலவு முதலிலா, வாசலில் தெரிவது முதலிலா?

இரண்டும் இல்லை. கான்கிரீட்டை எது முதலில் தொடுகிறதோ அதை முதலில் எழுதுங்கள். மரப்பட்டியின் நிறத்தைக் கடைசி மாதத்தில்கூட முடிவு செய்யலாம். தரையின் மொத்தக் கனத்தைப் படிக்கட்டுக்குச் சென்டரிங் அடிப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். எந்த வேலை தொடங்குவதற்கு முன் பதில் வேண்டும் என்பதை ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் எழுதிவிட்டால் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் எதை முதலில் எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும்.

ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு செய்திகள் போதும்: படத்தில் என்ன தெரிகிறது, இங்கே என்ன கிடைக்கிறது, அதனால் வரைபடத்தில் எது மாறும், நாங்கள் என்ன யோசனை சொல்கிறோம்.

ஒரு மாதிரிக் கடிதம் கொடுக்க முடியுமா?

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தாங்கள் அனுப்பிய ரெண்டர் படங்களை வேலைக்கான வரைபடங்களோடு ஒப்பிட்டு, ஆத்தங்குடியிலும் காரைக்குடி, மதுரைக் கடைகளிலும் விசாரித்தோம். நான்கு இடங்களில் தங்கள் முடிவு தேவைப்படுகிறது. எந்த வேலை முதலில் வருகிறதோ அந்த வரிசையில் எழுதியிருக்கிறோம்.

ஒன்று, கூடத்துத் தரை. படத்தில் ஆத்தங்குடிப் பூ வடிவம் 24 அங்குலச் சதுரமாக, பளபளப்பு இல்லாமல், இணைப்புக் கோடே தெரியாமல் இருக்கிறது. ஆத்தங்குடியில் வழக்கமாக வார்ப்பது 8, 10, 12 அங்குலச் சதுரங்கள். கண்ணாடியின் மேல் வார்ப்பதால் மேற்பரப்பு பளபளப்பாகத்தான் வரும். கல்லின் கனம் ஏறக்குறைய 20 மி.மீ. வரைபடத்தில் தரைக்கு மொத்தம் 50 மி.மீ. விடப்பட்டுள்ளது. கலவைப் படுகையையும் சேர்த்தால் எங்களுக்கு 70 மி.மீ. தேவை. இதை இப்போது சரிசெய்யாவிட்டால் மாடிப்படியின் முதல் படி மட்டும் 150 மி.மீட்டருக்குப் பதிலாக 130 மி.மீ. உயரமே இருக்கும். 10 அங்குலக் கல்லை வைத்துக் கூடத்துக்கு ஒரு பரப்பு வரைபடம் இணைத்திருக்கிறோம். படிக்கட்டுச் சென்டரிங் அடிப்பதற்கு முன் தங்கள் பதில் தேவை.

இரண்டு, பக்கவாட்டுச் செங்கல் சுவர். படத்தில் உள்ள செங்கல் 50 மி.மீ. உயரத்தில், நீளமாக, கூரான விளிம்போடு இருக்கிறது. அந்த அளவில் இங்கே சூளைகளில் அறுப்பதில்லை. நாட்டுச் செங்கல்லும் வயர்கட் செங்கல்லும் ஏறக்குறைய 75 மி.மீ. உயரம் கொண்டவை. படத்தின் விளிம்புக்கு நெருங்கி வருவது வயர்கட்தான். அதை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். இணைப்பை 12.5 மி.மீ. என வைத்தால் 24 வரியில் சரியாக லிண்டல் மட்டமான 2100 மி.மீ. வருகிறது. ஒரு மீட்டர் மாதிரிச் சுவர் கட்டி வைக்கிறோம். கதவு, ஜன்னல் நிலைகளுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் தங்கள் பதில் தேவை.

மூன்று, முகப்புக் கல். படத்தில் தரையிலிருந்து பால்கனி வரை ஒரே கல்லாக, இணைப்பு இல்லாமல் டிராவர்டைன் தெரிகிறது. இது இறக்குமதிக் கல். உள்ளூர்க் கடைகளில் இல்லை, சென்னைக் கிடங்குகளில் பார்த்து எடுக்க வேண்டும். எந்தப் பலகையானாலும் அந்த உயரத்துக்குக் குறைந்தது ஒரு கிடைமட்ட இணைப்பாவது வரும். இணைப்புகள் எங்கே வரலாம் என்று தாங்கள் கோடு போட்டுத் தர வேண்டும். கல்லின் துளைகளை அடைத்ததாக வாங்குவதா, திறந்ததாக வாங்குவதா என்பதையும் தெரிவிக்கவும்.

நான்கு, திண்ணை மரப்பட்டி. படத்தில் வெளிறிய ஓக் மரம் காட்டப்பட்டுள்ளது. இங்கே கிடைப்பது தேக்கு. அதன் நிறம் பழுப்பில் தொடங்கும். தேக்கின் நிறத்தையே ஏற்பதா, சாயம் ஏற்றுவதா என்பதை முடிவு செய்ய மூன்று துண்டுகள் அனுப்புகிறோம். இதற்கு அவசரம் இல்லை.

எதையும் நாங்களாக மாற்றவில்லை. தங்கள் எழுத்துப்பூர்வமான பதில் வந்த பிறகே ஆர்டர் கொடுப்போம். விலை வேறுபாட்டைத் தனித் தாளில் இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள

ஆத்தங்குடி பக்கத்து ஊர்தானே? 24 அங்குலத்தில் வார்த்துத் தரச் சொல்ல முடியாதா?

அந்தக் கல் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். ஓர் இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடித் தகட்டை வைக்கிறார்கள். அதன் மேல் பூ வடிவ அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்டுக் கரைசலைக் கையாலேயே ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி ஈரத்தை இழுக்கிறார்கள். அதற்கு மேல் கலவையை வைத்து மட்டம் செய்கிறார்கள். பிறகு காயவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து மீண்டும் காயவைத்தால் கல் தயார். சூளை கிடையாது, அழுத்தும் இயந்திரமும் கிடையாது. அச்சும் சட்டமும் கண்ணாடியும் கை தூக்கும் அளவுக்கே செய்யப்பட்டவை. 24 அங்குலத்துக்குப் புதிய அச்சு அடித்துக் கேட்கலாம். ஆனால் சுடாத, அழுத்தாத சிமெண்டுக் கல் அந்த அளவில் லாரியில் உடையாமல் வந்து சேருவது கடினம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பளபளப்பும் அந்தக் கண்ணாடியிலிருந்து வருவதுதான். கண்ணாடியைத் தொட்டிருந்த முகம் அதே வழவழப்போடு வெளியே வருகிறது. படத்தில் உள்ளது போல் மங்கலாக்க வேண்டும் என்று மெஷின் ஓட்டினால் அந்த வழவழப்பு போய்விடும். வண்ண அடுக்கும் மெல்லியது. தேய்த்துச் சமன்செய்யும் அளவுக்கு அதில் கனம் இல்லை. ஆகவே கடிதத்தில் இதை ஒரு குறையாக எழுதாதீர்கள். "பளபளப்பு இந்தப் பொருளின் இயல்பு, மங்கல் வேண்டுமானால் வேறு தரையைத்தான் பார்க்க வேண்டும்" என்று நேராக எழுதுங்கள்.

நிறத்தையும் குறிப்பிடுங்கள். கையால் ஊற்றும் கரைசல் என்பதால் ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் சாயல் மாறும். ஒரு கூடத்துக்கான கல் முழுவதையும், உடைசலுக்கு நூற்றுக்குப் பத்து சேர்த்து, ஒரே முறையில் வாங்க வேண்டும். பாதி வேலையில் மீண்டும் ஆர்டர் கொடுத்தால் சேரும் கோடு தரையில் தெரியும்.

கடிதத்தோடு இணைத்த "பரப்பு வரைபடம்" என்றால் என்ன? அதைக் காண்டிராக்டரே போடலாமா?

போடலாம், போட வேண்டும். அளவு மாறினால் என்ன ஆகும் என்று ஆர்க்கிடெக்ட் ஒரு பார்வையில் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

கூடத்தின் உள் அளவு 14 அடி 6 அங்குலத்துக்கு 11 அடி 3 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 174 அங்குலத்துக்கு 135 அங்குலம். ரெண்டரில் பூ வடிவம் சுவர் வரை ஓடிச் சுவரில் அப்படியே வெட்டுப்பட்டு நிற்கிறது. கணினியில் அது உறுத்துவதில்லை. தரையில் பாதிப் பூ சுவரோரம் நின்றால் காலமெல்லாம் உறுத்தும்.

10 அங்குலக் கல்லில் நீளத்துக்கு 17, அகலத்துக்கு 13 வைக்கலாம். அது 170 அங்குலமும் 130 அங்குலமும் ஆகும். மொத்தம் 221 கல். அதில் வெளிச்சுற்று 56 கல் கரைக் கல்லாக இருக்கும். அவற்றில் நான்கு, மூலைக்கென்றே தனி அச்சில் வார்ப்பவை. உள்ளே 15-க்கு 11 என்று 165 பூக்கல். மெல்லிய இணைப்புகளுக்கான இடத்தையும் கழித்துவிட்டால் சுவரோரம் நாலு பக்கமும் சுமார் இரண்டு அங்குலம் மிஞ்சும். அதில் கடப்பைக் கல் பட்டை ஓட்டினால் ஒரு பூக்கல்லைக்கூட வெட்ட வேண்டியதில்லை. சுவர் சற்றுக் கோணலாக இருந்தாலும் அந்தக் கறுப்புப் பட்டை வாங்கிக்கொள்ளும்.

செட்டிநாட்டு வீடுகளில் பூக்கல்லைச் சுற்றிக் கரை ஓடுவதை எல்லாரும் அழகுக்காக என்றே நினைக்கிறோம். அளவு வகுபடாத அறையில் வெட்டை மறைப்பதும் அந்தக் கரைதான். இந்த ஒரு தாளை இணைத்தால் 24 அங்குலம் ஏன் இல்லை என்ற வாதமே எழாது. ஆர்க்கிடெக்ட் உடனே கரையின் நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

தரை 20 மி.மீ. ஏறினால் அவ்வளவு பெரிய விஷயமா? படியில் பூச்சைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாமே?

படி ஏறுபவரின் கால், முதல் இரண்டு படியிலேயே உயரத்தைக் கணக்குப் போட்டுவிடும். ஒரு படி மட்டும் 20 மி.மீ. மாறினால் கால் இடறும், குறிப்பாக இறங்கும்போது. சென்டரிங்குக்கு முன் தெரிந்தால் அந்த 20 மி.மீட்டரை எல்லாப் படிகளுக்கும் பிரித்துவிடலாம். இருபது படி என்றால் ஒரு படிக்கு ஒரு மி.மீ.தான். வார்த்த பிறகு தெரிந்தால் ஒவ்வொரு படியிலும் பூச்சைக் கூட்டி ஒட்ட வேண்டும். அதற்குள் மேல்தளத்து மட்டமும் உறுதியாகியிருக்கும்.

கதவுக்கும் இதே கதைதான். தரை ஏறிய அளவுக்குக் கதவின் அடியை அறுக்க வேண்டும். குளியலறை, வராந்தா இரண்டோடும் கூடத்துக்கு உள்ள மட்ட வேறுபாடும் மாறும். ஆகவே பொருள்களில் கனம் மாறும் எதையும் கடிதத்தின் தொடக்கத்தில் வைக்கச் சொல்கிறேன்.

ரெண்டரைப் பார்த்து, எது உண்மையான பொருள், எது கணினியின் வேலை என்று கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் அளவைப் பாருங்கள். படத்தில் ஏதாவது ஒரு கதவு இருக்கும். அதன் உயரம் வரைபடத்தில் 2100 மி.மீ. என்று இருக்கும். அந்தக் கதவின் பக்கத்தில் எத்தனை செங்கல் வரி போகிறது என்று எண்ணுங்கள். 35 வரி என்றால் ஒரு வரிக்கு 60 மி.மீ.; அதாவது 50 மி.மீ. செங்கல், 10 மி.மீ. இணைப்பு. இங்கே அறுக்கும் செங்கல் அது இல்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, ஒரே கறையைத் தேடுங்கள். ரெண்டர் மென்பொருளில் கல்லும் மரமும் ஒரு சிறு புகைப்படமாக இருக்கும். அதையே திரும்பத் திரும்ப ஒட்டிச் சுவரை நிரப்புகிறார்கள். ஒரு பழுப்புத் திட்டோ மரத்தின் ஒரு கணுவோ நாலு அடிக்கு ஒரு முறை அதே வடிவில் திரும்பி வந்தால், அந்த நரம்பு ஓட்டம் எந்தக் கல்லிலும் கிடைக்காது என்று பொருள்.

மூன்றாவது, மூலை. கல் ஒட்டிய சுவரின் மூலையில் கல்லின் கனம் தெரிய வேண்டும், அல்லது இரண்டு கல்லையும் சாய்த்து வெட்டிச் சேர்த்த கோடாவது தெரிய வேண்டும். படத்தில் நரம்பு மூலையைச் சுற்றித் தடையின்றி ஓடினால், அங்கே எப்படிச் சேர்ப்பது என்பதை யாரும் இன்னும் யோசிக்கவில்லை. அதைக் கடிதத்தில் கேள்வியாகக் கேளுங்கள்.

நிறத்தைப் படத்தில் பார்த்து முடிவு செய்யவே வேண்டாம். மாலை வெயிலில் காட்டிய படத்தில் வெள்ளைச் சுவரே சந்தன நிறமாகத் தெரியும். அதே வெளிச்சம் செங்கல்லையும் மரத்தையும் சிவக்க வைத்திருக்கும். மாடலில் பயன்படுத்திய பொருள்களின் பெயரையும் அளவையும் பட்டியலாக அனுப்பச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். மரத்துக்கு நேரே "ஓக்" என்று இருந்தால், ஆர்க்கிடெக்ட் ஓக் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மென்பொருளோடு வந்த பட்டியலில் அது இருந்திருக்கும், எடுத்துப் போட்டிருப்பார்கள்.

செங்கல் உயரம் 50-லிருந்து 75 ஆனால், சுவர் சுவர்தானே? பூசாமல் விடுவதால் என்ன வந்துவிடும்?

பூசும் சுவரில் வரி எங்கே முடிந்தாலும் பூச்சு மூடிவிடும். பூசாத சுவரில் ஒவ்வொரு வரியும் வெளியே தெரியும். லிண்டலுக்குக் கீழே கடைசி வரி முழுதாக முடிய வேண்டும். இல்லாவிட்டால் கொத்தனார் செங்கல்லை நீளவாக்கில் உடைத்துப் போடுவார், அந்த ஒல்லியான வரி வாசலின் இரு பக்கமும் தலைமட்டத்தில் நிற்கும்.

75 மி.மீ. செங்கல்லுக்குப் 10 மி.மீ. இணைப்பு என்றால் வரி 85 மி.மீ.; 2100-ஐ 85-ஆல் வகுத்தால் 24 வரி போக 60 மி.மீ. மிஞ்சுகிறது. அதே செங்கல்லுக்கு 12.5 மி.மீ. இணைப்பு வைத்தால் வரி 87.5 மி.மீ.; 24 வரியில் 2100 கச்சிதமாக முடிகிறது. அரை அங்குல இணைப்பு கொத்தனாரின் கைக்குப் பழகியதுதான். ஜன்னலின் அடிமட்டத்தையும் இதே 87.5-இன் மடங்கில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வரைபடத்தில் 900 என்று இருந்தால் 875 என்று மாற்றினால் போதும், பத்து வரி.

ஆனால் இந்தக் கணக்கைச் சூளையின் பேச்சை நம்பிப் போடக்கூடாது. நாட்டுச் செங்கல் கையால் அறுப்பது. அளவு சூளைக்குச் சூளை மாறும். வாங்கப்போகும் லோடிலிருந்து இருபது செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மொத்த உயரத்தை அளந்து இருபதால் வகுங்கள். வரும் சராசரியைத்தான் கடிதத்தில் எழுத வேண்டும்.

செங்கல்லில் உப்பு பூக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். கடிதத்தில் அதைப் பற்றி என்ன எழுதுவது?

சோதித்துப் பார்த்து முடிவை எழுதுங்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3495-இல் உள்ள முறையை சைட்டிலேயே செய்யலாம். தட்டையான பாத்திரத்தில் 25 மி.மீ. தண்ணீர் ஊற்றிச் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, காற்றோட்டமுள்ள அறையில் வைக்க வேண்டும். தண்ணீர் முழுவதும் உறிஞ்சப்பட்டும் ஆவியாகியும் போனபின் அதே அளவு தண்ணீரை மீண்டும் ஊற்ற வேண்டும். இரண்டாவது முறையும் காய்ந்த பிறகு பாருங்கள். வெள்ளை படிந்த பரப்பு நூற்றுக்குப் பத்துக்குள் என்றால் லேசானது. ஐம்பது வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. பூசாத சுவருக்கு லேசானதைத் தாண்டிய செங்கல்லை நான் ஏற்கமாட்டேன். ஐந்து செங்கல்லிலாவது செய்து பார்த்து, படத்தோடு அனுப்புங்கள்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். செங்கல் நல்லதாக இருந்தாலும் உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் சுவர் பூக்கும். போர்த் தண்ணீர் கரிக்கும் இடங்களில் செங்கல்லை நனைக்கவும் கலவைக்கும் நல்ல தண்ணீர் வாங்க வேண்டும். அந்தச் செலவைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். கட்டிக்கொண்டிருக்கும் சுவரின் தலையை மழையில் நனையாமல் மூடிவைப்பதும் நம் பொறுப்பு. அப்படியும் முதல் ஆண்டில் சற்று வெளுத்தால் காய்ந்த பிரஷ்ஷால் துடைக்கலாம். ஆசிட் ஊற்றிக் கழுவுவது இணைப்புக் கலவையை அரித்துவிடும்.

சாம்பிள் எவ்வளவு அனுப்பினால் போதும்?

செங்கல்லுக்கு ஒற்றைச் செங்கல் எதையும் சொல்லாது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சுவர் கட்டி, இணைப்பையும் இறுதியில் வரப்போகிற முறையிலேயே முடித்து, வேலை முடியும்வரை இடிக்காமல் வைத்திருங்கள். பிறகு எந்தச் சந்தேகம் வந்தாலும் கொத்தனார் முதல் வீட்டுக்காரர் வரை எல்லாரும் அதைப் பார்த்தே பேசலாம்.

ஆத்தங்குடிப் பூக்கல்லில் பல வடிவங்கள் நான்கு கல் சேர்ந்தால்தான் முழுமை பெறும். ஆகவே நான்கு பூக்கல்லும் ஒரு கரைக் கல்லும் அனுப்புங்கள். நன்றாகக் காய்ந்த கல்லாக இருக்க வேண்டும். ஈரம் உள்ள கல் அடர்த்தியாகத் தெரிந்து பிறகு வெளுக்கும். டிராவர்டைனுக்குக் கைத்துண்டு பயன்படாது. வாங்கப்போகும் பலகைகளை வரிசையாக நிறுத்தி முழுப் பலகையையும் படம் எடுங்கள். படங்களைப் பகல் நிழலில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால் நிறம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அங்கே பார்ப்பவருக்குத் தெரியும்.

எல்லாம் எழுதிய பிறகும் "எனக்கு டிராவர்டைன்தான் வேண்டும்" என்று ஆர்க்கிடெக்ட் சொன்னால்?

போடலாம். அது அவருடைய தீர்மானம். நாம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, துளைகள். திறந்த துளைகளில் தூசியும் மழைத் தண்ணீரும் தங்கி, பாசி பிடித்துக் கறுக்கும். வெளிச்சுவருக்கு அடைத்த கல்லே நல்லது. இரண்டாவது, ஒட்டும் முறை. வெளிர் நிறக் கல்லைச் சாதாரணச் சாம்பல் சிமெண்டில் ஒட்டினால் அதன் நிறம் முன்பக்கம் ஊறி வரும். வெள்ளை ஒட்டுப் பசை தேவை. உயரத்தில் பசையை மட்டும் நம்பாமல் துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்பும் வேண்டும். 20 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டர் கல் சுமார் 50 கிலோ எடை வரும். மூன்றாவது, பால்கனி விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் கல்லின் மேல் வழியாமல் இருக்க அடியில் ஒரு சொட்டுக் குழி. ரெண்டரில் அது இருக்காது. அது இல்லாவிட்டால் முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே முகப்பில் கோடு விழும்.

விலையையும் அதே கடிதத்தில் எழுதலாமா?

தனித் தாளில் எழுதுங்கள். வேறுபாட்டுக்குப் பக்கத்திலேயே தொகை இருந்தால், தொகைக்காகவே வேறுபாடு கண்டுபிடிக்கப்பட்டதாகத் தோன்றும். தனித் தாளில் பொருள் விலை, வண்டி வாடகை, சேதாரம், கூலி நான்கையும் பிரித்துக் காட்டுங்கள். விலை குறையும் இடத்தையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும்.

வீட்டுக்காரருக்கு நகல் அனுப்பினால் தவறா?

ஆர்க்கிடெக்டைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டிருப்பார். அவரிடம் முதலில் நாம் போய் நின்றால், ஆர்க்கிடெக்ட் தவறு செய்துவிட்டார் என்று புகார் சொல்வதாகிவிடும். சாம்பிள்களோடு ஆர்க்கிடெக்டே பேசினால் அது வடிவமைப்பின் அடுத்த படியாகப் போகும். ஒப்பந்தத்தில் நகல் கட்டாயம் என்று இருந்தால் மட்டும் தயங்க வேண்டாம்.

"படத்தில் உள்ளது போலவே முடித்துத் தர வேண்டும்" என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால் எது செல்லும்?

உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் செல்லும். மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களில், ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது முந்தும் என்று வரிசை இருக்கிறது: அளவுப் பட்டியலில் உள்ள விவரிப்பு, தனி விவரக்குறிப்பும் சிறப்பு நிபந்தனைகளும், வரைபடங்கள், துறையின் பொது விவரக்குறிப்பு, இந்தியத் தர நிர்ணயங்கள். ரெண்டருக்கு அதில் இடமே இல்லை. தனியார் வீட்டு ஒப்பந்தங்களில் இப்படி ஒரு வரிசை பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. அதனால்தான் படத்தைக் காட்டிச் சண்டை வருகிறது. கையெழுத்துக்கு முன்பே "ரெண்டர் படம் தோற்றத்தை விளக்க மட்டுமே, பொருளும் அளவும் பட்டியலில் உள்ளபடி" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தால், ஆர்க்கிடெக்ட் பதில் எழுதிய இந்தக் கடிதமே அந்த வரியின் வேலையைப் பெருமளவு செய்யும்.

கடிதம் அனுப்பி நாள்கள் ஆகின்றன, பதில் இல்லை. வேலையை நிறுத்துவதா?

முழுவதையும் நிறுத்த வேண்டாம். பதிலுக்காகக் காத்திருக்கும் வேலையை மட்டும் தள்ளிவையுங்கள். இந்த வீட்டில் படிக்கட்டைத் தொடாமல் பின்பக்கச் சுவர்களையும் காம்பவுண்டு அஸ்திவாரத்தையும் எடுக்கலாம். நினைவூட்டலில் முழுக் கடிதத்தையும் திரும்ப எழுதாதீர்கள். "படிக்கட்டுச் சென்டரிங் வரும் திங்கள்கிழமை தொடங்க வேண்டும், தரையின் கனம் 50-ஆ 70-ஆ என்பது மட்டும் தெரிந்தால் போதும்" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் அன்றே பதில் வரும். பதில் போனில் வந்தால், "இன்று போனில் 70 மி.மீ. என்று கூறினீர்கள், அப்படியே அமைக்கிறோம்" என்று உடனே எழுதி அனுப்பி, கடிதத்தின் நகலோடு சேர்த்து சைட் ஃபைலில் வையுங்கள்.